பதினாறில் ஒன்று முந்தினால்

வீட்டு இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி வாங்கியவர்களில் சிலர் இப்படியொரு புதிரைச் சந்திக்கிறார்கள். வெயில் நன்றாக அடிக்கிறது, மாடியில் சோலார் தகடுகள் முழு மூச்சில் வேலை செய்கின்றன. ஆனால் பேட்டரி 54 வோல்ட்டைத் தொட்டதும் சார்ஜ் ஏறுவது சட்டென்று நின்றுவிடுகிறது. சார்ஜரில் வைத்திருப்பதோ 56.8 வோல்ட். இன்னும் இரண்டே முக்கால் வோல்ட் பாக்கி. இரவில் கரன்ட் போனால், முன்பு தாங்கிய நேரத்துக்கு இப்போது தாங்குவதில்லை. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டும் முன், உள்ளே இருக்கும் செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இத்தகைய பெட்டியில் பெரும்பாலும் 16 செல்கள் இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைச் செல் ஒன்று தருவது 3.2 வோல்ட்தான். இன்வெர்ட்டருக்கு 48 வோல்ட் அளவில் தேவை. அதனால் ஒரு செல்லின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்த்துக்கொண்டே போய், பதினாறையும் தொடராக இணைக்கிறார்கள். மொத்தம் 51.2 வோல்ட் கிடைக்கிறது. ஒவ்வொரு செல்லும் 100 ஆம்பியர்-மணி பிடிக்கும் என்றால், பெட்டி நிறைந்திருக்கும்போது அதில் ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரம் இருக்கும்.

தொடரிணைப்பில் ஓடும் மின்னோட்டம் எல்லாச் செல்களிலும் ஒன்றே. 20 ஆம்பியரில் ஒரு மணி நேரம் சார்ஜ் செய்தால் பதினாறிலும் தலா 20 ஆம்பியர்-மணி ஏறும். எடுக்கும்போதும் அப்படியே. ஏற்கெனவே நிறைந்துவிட்ட செல்லை விட்டுவிட்டு, நிறையாதவற்றுக்கு மட்டும் கரன்ட் போக வழி கிடையாது. பேட்டரிப் பெட்டியில் வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் பெட்டியில் 7ஆம் செல் ஒருமுறை பழுதாகி, மெக்கானிக் அதை மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். புதிய செல் நல்ல செல்தான், கொள்ளளவும் அதே 100. ஆனால் பொருத்திய நேரத்தில் அதில் மற்றவற்றைவிட 10 ஆம்பியர்-மணி கூடுதலாக இருந்தது. பூட்டி, மூடி, கொடுத்துவிட்டார். அந்தப் பத்து தானாகக் குறையாது. எத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் 7ஆம் செல் மற்றவற்றுக்குப் பத்து முன்னாலேயே நிற்கும்.

இனி சார்ஜ் ஏறும் கடைசி நிமிடங்களைப் பாருங்கள். மற்ற பதினைந்தும் 90 சதவீதத்தில் இருக்கும்போது 7ஆம் செல் நிறைந்துவிடுகிறது. பதினைந்தும் தலா 3.36 வோல்ட் காட்ட, அது மட்டும் 3.65க்கு ஏறி நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் 54.05 வோல்ட். சார்ஜருக்குத் தெரிவது இந்த மொத்தம் மட்டுமே. 56.8 வரவில்லை, ஆகவே இன்னும் ஏற்றலாம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். ஆனால் இந்த வகைச் செல்லுக்கு 3.65தான் மேல் எல்லை. அதைத் தனியாகக் கவனித்து, சார்ஜை வெட்டிவிடுவது பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி மேலாண்மை அமைப்பு. கடைகளில் எல்லோரும் பி.எம்.எஸ். என்றே சொல்கிறார்கள். பதினாறு செல்களுக்குப் பதினேழு மெல்லிய கம்பிகள் அந்த அட்டைக்குப் போகும். ஒவ்வொரு செல்லின் இரு முனைகளையும் அது அவற்றின் வழியாகத்தான் அளக்கிறது.

வீட்டுக்காரர் பார்த்த புதிருக்கு விடை இதுதான். பேட்டரி கெடவில்லை. ஒரு செல் முந்திவிட்டதால், மற்ற பதினைந்தும் நிறைய முடியாமல் நிற்கின்றன. இறங்கும்போது அந்தப் பதினைந்தும் முதலில் காலியாகிவிடும். 7ஆம் செல்லில் பத்து மிச்சம் இருக்கும், ஆனால் அதை எடுக்க முடியாது. ஆக, 100 ஆம்பியர்-மணிப் பெட்டியில் கைக்கு வருவது 90. இதே பெட்டியில் இன்னொரு செல் பத்து பின்தங்கியும் இருந்தால், மேலே ஒன்று தடுக்கும், கீழே மற்றொன்று தடுக்கும். மிஞ்சுவது 80.

பி.எம்.எஸ். இல்லாவிட்டால்? சார்ஜர் விடாமல் தள்ளும். நிறைந்துபோன 7ஆம் செல்லுக்குள் அரை மணி நேரம் 20 ஆம்பியர் பாய்ந்து, கொள்ளாத பத்தையும் திணிக்கும். உள்ளே இருக்கும் மின்பகுதிரவம் சிதைந்து வாயுவாகும், செல் உப்பும், சூடேறும். கீழ் எல்லையில் நடப்பதும் இதே அளவு மோசமானது. பதினைந்து செல்கள் தலா 3.2 வோல்ட்டிலும், பின்தங்கிய ஒன்று 2 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் சரியாக 50 வோல்ட். இன்வெர்ட்டருக்கு அது நிறைவான எண். அது இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றைச் செல்லில் எதிர்முனையின் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். அப்படிக் கரைந்த தாமிரம் அடுத்த சார்ஜில் வேறு இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும்.

நம் வீடுகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஈய-அமில பேட்டரியிலும் செல்கள் தொடராகத்தான் இருக்கின்றன. 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்குள் ஆறு செல்கள். அதற்கு ஏன் இந்த அட்டையும் கம்பிகளும் தேவைப்படவில்லை? நாம் அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஈய-அமில செல் நிறைந்த பிறகும் கரன்ட் பாய்ந்தால், அந்தக் கரன்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் குமிழிகளாக வெளியேற்றும். முந்திய செல் தண்ணீரைப் பிரித்துக்கொண்டு காத்திருக்க, பின்தங்கியவை வந்து சேர்ந்துவிடும். சமன் செய்யும் வேலையை அதன் வேதியியலே பார்த்துக்கொள்கிறது. நாம் கொடுக்கும் விலை, குறைந்த தண்ணீரை மறுபடி ஊற்றுவது. லித்தியம் செல்லுக்குள் தண்ணீர் கிடையாது. கூடுதல் கரன்ட்டைத் தீங்கில்லாமல் கழித்துவிட அதற்கு வேறு வழியும் இல்லை. அதனால் அந்த வழியை வெளியிலிருந்து, மின்னணுச் சுற்றால் அமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுற்று வியக்கத்தக்க அளவு எளிமையானது. ஒவ்வொரு செல்லின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், அதைச் சேர்க்கவும் பிரிக்கவும் மாஸ்ஃபெட் என்கிற ஒரு மின்னணு சுவிட்ச். ரெசிஸ்டர் 33 ஓம் என்றால், 3.5 வோல்ட்டில் ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் அதன் வழியே ஓடும், அதாவது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. முந்திய செல்லின் சுவிட்சை மட்டும் பி.எம்.எஸ். மூடுகிறது. அந்தச் செல்லின் கூடுதல் மின்சாரம் ரெசிஸ்டரில் வெப்பமாகிப் போகிறது. அரை வாட்டுக்கும் குறைவான சூடு. அட்டையைத் தொட்டால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். மின்சாரத்தை இப்படி வீணாக்கலாமா என்று தோன்றும். வீணாவது மிகக் கொஞ்சம். அதற்குப் பதிலாக மற்ற பதினைந்து செல்களும் நிறைய இடம் கிடைக்கிறது.

எந்தச் செல் முந்தியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினமான பகுதி. பி.எம்.எஸ். செல்லுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதன் கையில் இருப்பது வோல்ட் அளவு மட்டுமே. இரும்பு பாஸ்பேட் செல்லிலோ அந்த அளவு நெடுநேரம் எதையும் சொல்லாது. குடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அகன்ற வயிற்றுப் பகுதி நிறையும்வரை மட்டம் மெதுவாகத்தான் உயரும். குறுகிய கழுத்துக்கு வந்ததும் ஒரு செம்பு ஊற்றினாலே கிடுகிடுவென்று ஏறும். இந்தச் செல்லின் வோல்ட்டும் அப்படித்தான். 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம்வரை ஏறினாலும், வோல்ட் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாறும். செல்லுக்குள் லித்தியம் உள்ள பொருளும் லித்தியம் நீங்கிய பொருளும் அருகருகே இருந்துகொண்டு, அவற்றின் விகிதம் மட்டும் மாறுவதே இதற்குக் காரணம். 3.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் கழுத்துப் பகுதி வருகிறது.

இந்த வகைச் செல்லின் முன்கதையில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. திருநெல்வேலிப் பக்கத்து அமராபுரத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குடினஃபோடு சேர்ந்து ஆய்வு செய்தார். சாதாரண ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற தொகுதியைச் சேர்த்தால் இரும்புச் சேர்மத்திலிருந்தும் நல்ல வோல்ட் எடுக்கலாம் என்று இருவரும் காட்டினார்கள். அந்தப் பாதையில் தொடர்ந்துதான் 1997இல் குடினஃபின் குழு இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி எழுதியது. 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் பரிசு உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

குடத்தின் வயிற்றுப் பகுதியில் இரண்டு செல்கள் ஐந்து மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டினால் அதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. உள்தடை கொஞ்சம் அதிகமான செல், கரன்ட் எடுக்கும்போது தாழ்ந்தும், ஏற்றும்போது உயர்ந்தும் காட்டும். பாதி சார்ஜில் அந்த எண்களை நம்பி சமன் செய்யும் பி.எம்.எஸ்., சரியாக இருக்கும் செல்லைப் போய் வடிக்கும். சில வாரங்களில் நன்றாக இருந்த பெட்டியே கோணலாகிவிடும். அதனால்தான் இவ்வகை பேட்டரிக்கு நல்ல அமைப்புகளில், 3.4 அல்லது 3.45 வோல்ட்டுக்கு மேலே, சார்ஜ் ஏறும்போது மட்டும், தாழ்ந்த செல்லைவிடப் பத்து மில்லிவோல்ட் போல உயர்ந்திருப்பவற்றை மட்டும் வடிக்கும்படி வைக்கிறார்கள். அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வடியும் கரன்ட்டும் அதே மெல்லிய கம்பியில் ஓடுவதால் அளவு பிசகும். ஆகவே வடிப்பதை ஒரு கணம் நிறுத்தி, அளந்து, பிறகு தொடரும். அடுத்தடுத்த இரு செல்களுக்கு ஒரு கம்பி பொது என்பதால், பல அட்டைகள் ஒற்றைப்படைச் செல்களை ஒருமுறையும் இரட்டைப்படைச் செல்களை மறுமுறையுமாக வடிக்கின்றன. இதனால் வேலை முடிய இரட்டிப்பு நேரம் ஆகும்.

இப்போது நம் 7ஆம் செல்லுக்கு வருவோம். வடிக்க வேண்டியது 10 ஆம்பியர்-மணி. வடியும் வேகம் 0.1 ஆம்பியர். நூறு மணி நேரம் வேண்டும். ஆனால் அந்த நூறு மணி நேரம் கிடைக்குமா என்பதே கேள்வி. 20 ஆம்பியரில் சார்ஜ் ஏறும்போது இச்செல் 3.45 வோல்ட்டிலிருந்து 3.65க்கு ஓரிரு நிமிடங்களில் பாய்ந்துவிடும். உள்ளே வருவது 20, வடிவது பத்தில் ஒன்று, தடுக்கவா முடியும்? 3.65 வந்ததும் சார்ஜ் வெட்டப்படும், செல் ஓய்ந்து 3.4க்குக் கீழே இறங்கும், வடிப்பதும் நின்றுவிடும். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் வடிந்தால் குறைவது 3 மில்லி ஆம்பியர்-மணி. அந்தக் கணக்கில் பத்தும் வடிய ஒன்பது ஆண்டுகள் ஆகும். "பேலன்சிங் வசதி உண்டு" என்று பெட்டியில் எழுதியிருந்தும் வித்தியாசம் மாறாமலே இருப்பது இதனால்தான்.

இந்த அளவு வித்தியாசத்தைப் பணிமனையில் கையால் தீர்ப்பதே முறை. தொழில் தெரிந்தவர் பெட்டியைத் திறந்து, 7ஆம் செல்லுக்குக் குறுக்கே மட்டும் ஒரு ஓம் அளவுள்ள பெரிய ரெசிஸ்டரை இணைப்பார். 3.3 ஆம்பியர் ஓடும், மூன்று மணி நேரத்தில் பத்தும் வடிந்துவிடும். புதுப் பெட்டி கட்டும்போது இன்னும் நல்ல வழி உண்டு. பதினாறையும் முதலில் பக்க இணைப்பில் சேர்த்து, 3.65 வோல்ட்டில் எல்லாவற்றையும் ஒன்றாக நிறைத்துவிட்டுப் பிறகு தொடராகக் கோப்பார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு, செல்களை வந்த நிலையிலேயே கோத்து விற்கும் பெட்டிகளில்தான் முதல் மாதத்திலேயே சார்ஜ் வெட்டும் புகார் அதிகம் வரும். வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

அப்படியானால் அந்த 100 மில்லி ஆம்பியர் எதற்குத்தான் பயன்படுகிறது? நன்றாகக் கோத்த பெட்டியில் செல்களுக்கிடையே வித்தியாசம் மெல்ல மெல்லத்தான் வரும். சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் மாதத்துக்குச் சில சதவீதம் இழக்கிறது. நடுவில் மாட்டிய செல் ஓரத்துச் செல்லைவிடச் சூடாக இருக்கும், சூடான செல் கூடுதலாக இழக்கும். ஒன்று மாதம் 2 சதவீதமும் மற்றொன்று 3 சதவீதமும் இழந்தால், மாதத்துக்கு ஒரு ஆம்பியர்-மணி வித்தியாசம். ஒரு நாளுக்கு 33 மில்லி ஆம்பியர்-மணி. அதை வடிக்க இருபது நிமிடம் போதும், ஒற்றைப்படை இரட்டைப்படை என்று மாறி மாறி வடித்தாலும் நாற்பது நிமிடம். தினமும் வரும் இந்தச் சிறு கோணலைத் தினமும் நேராக்குவதுதான் இந்தச் சுற்றின் வேலை. மின்சாரக் கார்களிலும் பெரும்பாலும் இதே ரெசிஸ்டர் முறைதான் இருக்கிறது. 2010இல் வந்த நிசான் லீஃப் காரில் 96 இணைகள் தொடராக இருந்தன. செல்கள் தொடக்கத்திலேயே நன்கு பொருந்தியிருந்தால் சிறு கரன்ட் போதும்.

ஆனால் அந்த நாற்பது நிமிடமும் குடத்தின் கழுத்தில் கிடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வெயில் இல்லாமல், பேட்டரி 60, 70 சதவீதத்தைத் தாண்டாமலே ஓடினால், அத்தனை நாளும் சமன் செய்யும் வேலை நடக்காது. வெயில் வந்த முதல் நாளில் சார்ஜ் இடையில் வெட்டினால் அது இயல்பே. ஒருமுறை மின்வாரியக் கரன்ட்டில் மெதுவாக முழுக்க ஏற்றி, கடைசிக் கட்டத்தில் ஓரிரு ஆம்பியரில் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரும்பு பாஸ்பேட் செல் உள்ள கார்களை வாரத்துக்கு ஒருமுறையாவது 100 சதவீதம் ஏற்றச் சொல்லும் டெஸ்லா நிறுவனத்தின் அறிவுரையும் இதோடு சேர்ந்ததுதான். நிக்கல் கலந்த செல்கள் வேறு மாதிரி. அவற்றின் வோல்ட் 4.2 வரை சீராக ஏறுவதால், முந்தியவர் யார் என்பது வழியெல்லாம் தெரியும். அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

முந்திய செல்லிலிருந்து எடுத்துப் பின்தங்கிய செல்லுக்கே கொடுக்கும் சுற்றுகளும் உண்டு. மின்தேக்கி அல்லது கம்பிச்சுருள் ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, மறுபக்கம் கொட்டும். ஓரிரு ஆம்பியர்வரை நகர்த்துவதால், நூறு மணி நேர வேலை ஒரு நாளைக்குள் முடியும். ஒரே அளவாகப் பொறுக்கி எடுக்காத செல்களில் கட்டிய பெட்டிக்கு இது நல்லது. வேகம் கூடுதல் என்பதால் தவறான நேரத்தில் இயங்கினால் கெடுப்பதும் வேகமாகவே நடக்கும். 3.4 வோல்ட்டுக்குக் கீழே அதை ஓடவிடக் கூடாது.

எந்தச் சுற்றானாலும், செல்லின் கொள்ளளவை அதனால் கூட்ட முடியாது. இந்த வேறுபாட்டைச் செல்போன் செயலியில் தெரியும் 16 எண்களிலேயே கண்டுகொள்ளலாம், பார்க்கும் நேரம் சரியாக இருந்தால். நிறையும் நேரத்தில் உயர்ந்து, காலியாகும் நேரத்திலும் மற்றவற்றைவிட உயர்ந்தே இருக்கும் செல், முந்திய செல். நம் 7ஆம் செல்போல, அதைச் சமன் செய்தால் தீரும். நிறையும்போது முதலில் உயர்ந்து, காலியாகும்போது முதலில் தாழ்கிற செல், கொள்ளளவு குறைந்த செல். 90தான் பிடிக்கும் என்றால் பெட்டியும் 90தான். கரன்ட் ஓடும்போது மட்டும் விலகி, நிறுத்திய கணமே மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும் செல்லில் கோளாறு உள்ளே இருக்காது. முனையில் நட்டு தளர்ந்திருக்கும். ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை கூடினாலே, 50 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் விலகல் காட்டும். இறுக்கினால் போதும். விட்டுவைத்தால் அந்த இடம் கருகும்.

நான்காவது வகைதான் எனக்குக் கவலை தருவது. எத்தனை முறை சமன் செய்தாலும் சில நாளில் அதே செல் மறுபடி தாழ்ந்துவிடும். உள்ளே எங்கோ கசிவு இருக்கிறது. 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். அதில் எழும் சூடு வாட்டில் ஆறில் ஒரு பங்கு, கை வைத்தாலும் தெரியாது. கசிவு இன்னும் சிறிதாக இருக்கும்வரை பி.எம்.எஸ். அதை மறைத்தே வைத்திருக்கும். அந்த ஒன்றின் அளவுக்கு மற்ற பதினைந்தையும் தினமும் வடித்து, எண்களை ஒன்றாகக் காட்டிக்கொண்டிருக்கும். செயலியில் எந்தெந்தச் செல் வடிகிறது என்ற அடையாளத்தைப் பார்த்தால் பிடித்துவிடலாம். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு செல்லைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த அடையாளம் எரிந்தால், எரியாத அந்தச் செல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில மெக்கானிக்குகள் இதற்குப் பெரிய பேலன்சர் ஒன்றை மாட்டிக்கொடுக்கிறார்கள். எண்கள் சில மாதங்களுக்கு நேராகிவிடும், உள்ளே கசிவும் வளர்ந்துகொண்டே போகும். அந்தச் செல்லைக் கழற்றிவிட்டு, மற்ற பதினைந்தின் அளவுக்கே சார்ஜ் ஏற்றிய வேறொன்றைப் போடுவதே இதற்கு உரிய வேலை.